இருநூற்றுப் பதினைந்து பாகை

இசக்கிசெல்விக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு. ஒன்று வேலை, இன்னொன்று தூக்கம். இரண்டும் ஒரே மத்தியானத்தில் வந்து கழுத்தைப் பிடித்தால் மனுஷி என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவள் அவள். பென்னலூரில் ஆறு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கிற அறைக்கு ஒரே ஒரு குளியலறை. நாலு மணிக்கு எழுந்தால்தான் தண்ணீர் தலையில் விழும். ஐந்தே காலுக்கு கம்பெனி பஸ். ஆறிலிருந்து இரண்டு வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்று, காருக்குப் போகிற வயர்களைக் கட்டுக் கட்டாக டேப் சுற்றிக் கொடுத்தாள். சனிக்கிழமையாச்சே, கொஞ்சம் சீக்கிரம் விடுவார்களா என்றால், ஹூம். இரண்டு மணிக்கு கார்டைத் தேய்த்துவிட்டு வெளியே வந்தவள், கேன்டீன் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஒரகடம் பஸ்ஸைப் பிடித்தாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே இரண்டு தடவை கண் சொக்கி, பக்கத்திலிருந்த கீரைக்காரம்மா மேல் சாய்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில்தான் அந்தப் பயிற்சி நிலையம். நிலத்தை அளக்கிற சர்வேயர் வேலையை ஒன்பது மாதத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு என்றே மத்தியான வகுப்பு. சுற்றுவட்டாரம் முழுக்க ஏக்கர் ஏக்கராக அளந்து, கம்பி நட்டு, கம்பெனி கட்டிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். அளக்கத் தெரிந்தவனுக்கு அப்போது மவுசு இருந்தது. இசக்கிசெல்வி அதைப் பார்த்துத்தான் சேர்ந்தாள்.

இப்போது விஷயம் என்னவென்றால், அவளுடைய கம்பெனியில் டிரெய்னி என்று சொல்லி இரண்டு வருஷத்துக்குத்தான் எடுப்பார்கள். அந்த இரண்டு வருஷம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அப்பா போனில் சொல்லிவிட்டார்: "வேற வேல கெடச்சா இரி. கெடைக்கலியா, வெள்ளிக்கெழம முடிஞ்சு வார ஞாயித்துக்கெழம நான் வந்து கூட்டிட்டு வந்துருதேன்." கூட்டிக்கொண்டு போனால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம். மாப்பிள்ளையைக்கூடப் பார்த்து வைத்துவிட்டார்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்று அவளுக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் பெரிய சர்வே ஆபீஸ் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். ஒரே ஒரு இடம். நிரந்தர வேலை, பகல் வேலை, சூரியனைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. பதினாலு பேர் பரீட்சை எழுதலாம்.

மாடி ஏறி உள்ளே போனால் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. முன்னால் ஒரு வயதான மனிதர், வெயிலில் கறுத்துத் தடித்த கழுத்து, சட்டைப் பையில் மூன்று பென்சில். அவர்தான் சர்வே ஆபீஸ்காரர், ஆறுமுகநயினார். பக்கத்தில் இவர்களுடைய வாத்தியார் பரசுராமன், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குத் துண்டு போடுகிறவர் மாதிரி குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, கலெக்டரம்மா இப்போதான் வராங்களா? போ போ, உக்காரு" என்றார் பரசுராமன்.

"எந்த ஊரு பிள்ள?" என்று கேட்டார் ஆறுமுகநயினார்.

அந்தப் 'பிள்ள' காதில் விழுந்ததும் இவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நம்ம சீமைக்காரர். "நாங்குநேரிப் பக்கம் சார்."

"சரி, எழுது" என்றார். அவ்வளவுதான். நம்ம சீமைக்காரர் என்பதெல்லாம் அதோடு சரி.

தாளைப் பிரித்தாள். முதல் பக்கம் சின்னச் சின்னக் கணக்கு. ஒருவன் வடக்கே முப்பது மீட்டர் நடக்கிறான், பிறகு கிழக்கே நாற்பது மீட்டர் நடக்கிறான். புறப்பட்ட இடத்திலிருந்து பார்த்தால் அவன் எத்தனை தூரத்தில், எந்தத் திசைக்கோணத்தில் நிற்கிறான்? ஐம்பது மீட்டர், ஐம்பத்து மூன்று பாகை. அவன் நேராகத் திரும்பி வர வேண்டுமென்றால் எந்தக் கோணம்? நூற்றெண்பதைக் கூட்டினால் இருநூற்று முப்பத்து மூன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கிட்டத்தட்ட தூக்கத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மாதத்தில் அவள் மண்டையில் அடித்து இறக்கிய பாடம் இது ஒன்றுதான்: வடக்குதான் பூஜ்யம். அங்கிருந்து கடிகார முள் சுற்றுகிற பக்கமாகவே அளக்க வேண்டும். கிழக்கு தொண்ணூறு, தெற்கு நூற்றெண்பது, மேற்கு இருநூற்று எழுபது. வலமா இடமா என்ற குழப்பம் கிடையாது, சாமியை வலம் வருவது மாதிரி ஒரே பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் கோணத்தைக் கிழக்கிலிருந்து இடப்பக்கமாக அளந்த பழக்கம் போவதற்கே அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இரண்டாம் பக்கம்தான் பெரிய கணக்கு. ஒரு நிலத்தைச் சுற்றி ஐந்து மூலை: A, B, C, D, E. ஒவ்வொரு பக்கத்துக்கும் கோணமும் நீளமும் கொடுத்திருந்தது. AB அறுபது பாகை, எண்பது மீட்டர். BC நூற்றைம்பது பாகை, அறுபது மீட்டர். CD இருநூற்றுப் பதினைந்து பாகை, எழுபத்தைந்து மீட்டர். DE இருநூற்றுத் தொண்ணூறு பாகை, அறுபத்தைந்து மீட்டர். EA பத்து பாகை, அறுபது மீட்டர். ஐந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து, சார்ட்டில் வரைந்து கொடு.

நாலு ஹெச் பென்சிலைச் சீவினாள். ஊசி மாதிரி கோடு விழுகிற கெட்டிப் பென்சில். ஒவ்வொரு மூலையிலும் முதலில் வடக்குக் கோடு, அதன் மேல் பாகைமானி, புள்ளி, ஸ்கேல், கோடு. நூற்றெண்பதுக்கு மேல் போனால் அரைவட்டப் பாகைமானியை மேற்குப் பக்கமாகத் திருப்பி வைத்து, தெற்கிலிருந்து அளந்து, நூற்றெண்பதைக் கூட்ட வேண்டும். கை தானாக வேலை செய்தது. அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: அந்த வகுப்பிலேயே அப்படி ஒரு கை யாருக்கும் கிடையாது. அவள் வரைந்த படத்தைப் பரசுராமன் ஃபிரேம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார், அவருடைய பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு.

சுற்றி வந்து கடைசிக் கோட்டைப் போட்டாள். அது A-யில் போய் முட்ட வேண்டும். முட்டவில்லை.

ஒரு முடி, இரண்டு முடி தள்ளி நின்றால் பரவாயில்லை. முழுசாக இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, வடகிழக்கே ஆகாயத்தில் நின்றது. நிலத்தில் அது பத்து மீட்டர்.

"அட பாவி மட்ட" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் எங்கோ தப்பாக அளந்துவிட்டேன். சார்ட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் முதலிலிருந்து வரைந்தாள். மறுபடியும் அதே இரண்டு சென்டிமீட்டர், அதே இடம். கண் எரிந்தது. எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து, முன்பக்கத்தின் ஒவ்வொரு கோட்டையும் மறுபடி அளந்து பார்த்தாள். எல்லாம் தாளில் இருந்தபடியே இருந்தது. அப்படியென்றால் தப்பு அவளிடம் இல்லை.

சுற்றிப் பார்த்தாள். பின் வரிசையில் மண்ணூர் பாபு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் புரோட்டாக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எல்லோரும் அழிப்பானும் கையுமாக இருந்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். படம் மூடாமல் சின்னதாக இடைவெளி விழுந்தால், அதை எல்லா மூலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு மூலையையும் நகர்த்தி, படத்தை மூடிவிடுவது ஒரு முறை. பரசுராமன் சொல்லிக் கொடுத்ததுதான், தப்பில்லை. ஆனால் அது முந்நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் போனால் செய்கிற வைத்தியம். இங்கே முந்நூற்று நாற்பது மீட்டருக்குப் பத்து மீட்டர் போயிருக்கிறது. காலே உடைந்து தொங்குகிறவனுக்கு அமிர்தாஞ்சன் தடவுகிற கதை.

அப்போது ஒன்று செய்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால், ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். கோடு வந்து நின்ற இடத்தில் ஒரு வடக்குக் கோடு போட்டு, அங்கிருந்து A எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பாகைமானி வைத்துப் பார்த்தாள். தெற்கிலிருந்து மேற்கே முப்பத்தைந்து. நூற்றெண்பதைக் கூட்டினால் இருநூற்றுப் பதினைந்து.

இருநூற்றுப் பதினைந்து. CD.

தூக்கம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. இடைவெளியும் CD-யும் ஒரே திசை என்றால் என்ன அர்த்தம்? மற்ற நாலு பக்கத்திலும் குற்றமில்லை. CD போன திசையும் சரி. அது இன்னும் கொஞ்ச தூரம் அதே திசையில் போயிருக்க வேண்டும், பத்து மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. எண்பத்தைந்து என்பதை யாரோ எழுபத்தைந்து என்று எழுதிவிட்டார்கள். அளவு டேப்பைப் பிடித்துப் படிக்கும்போது ஒரு பத்தை விழுங்கிவிடுவது வயலில் நடக்கிற சமாச்சாரம்தான். இடைவெளிக்குப் பக்கத்தில் '215 = CD, 10 மீ குறைவு' என்று பொடி எழுத்தில் எழுதி வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குத் தன் மேலேயே ஒரு பிரியம் வந்தது.

பரசுராமன் அந்தப் பக்கமாக வந்தார். மெதுவாகக் கூப்பிட்டாள்.

"சார், இதுல CD தப்பா போட்டுருக்கு. பத்து மீட்டர் கொறையுது. நான் பாத்துட்டேன்."

அவர் திரும்பி ஆறுமுகநயினாரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். பரசுராமன் குரலைத் தாழ்த்தி, "இன்னாம்மா பேசற? அவ்ளோ பெரிய ஆபீஸ்லேர்ந்து கேள்வி போட்டுக் குட்த்துகிறாரு, அவராண்ட போயி உன் கேள்வி தப்புன்னு சொல்ல சொல்றியா? நாளைக்கு நம்ம பசங்களுக்கு வேலை வேணாமா?" என்றார்.

"இல்ல சார், இடைவெளி கோணம் பாத்தா..."

"படம் மூடணும். மூடாத படம் செல்லாது. அவ்ளோதான். எல்லாரும் மூடிட்டாங்க, நீ ஒருத்திதான் பாக்கி. இன்னும் இருவது நிமிஷம் கீது. சீக்கிரம் பண்ணு."

அவர் போய்விட்டார். இசக்கிசெல்வி இடைவெளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில் அவளைத் திட்டுகிறவர்கள் திட்டலாம். ஆனால் இரண்டு வருஷம் லைனில் நின்று பாருங்கள், பிறகு திட்டுங்கள். முதல் மாதத்திலேயே ஒரு வயர் நீளம் குறைகிறது என்று கையைத் தூக்கி லைனை நிறுத்தினாள். குறைந்ததென்னவோ உண்மைதான். ஆனால் சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னால், "நீ யாரு, க்வாலிட்டி மேனேஜரா? ஓட்டு" என்று கத்தினான். அன்றைக்கு ராசாத்தி மாதிரி தூக்கின கை, அதற்குப் பிறகு மேலே போகவே இல்லை. கண்ணுக்குத் தெரிந்தாலும் ஓட்டு. எவன் கேட்டான், ஓட்டு. உடம்பு அசந்து கிடக்கும்போது மனசும் அப்படித்தான் பேசும். வேலை வேண்டும், வெள்ளிக்கிழமை வருகிறது, அப்பா வருகிறார், மூடாத படம் செல்லாது. நியாயத்தை நிலைநாட்டுகிற தெம்பு அவள் உடம்பில் ஒரு சொட்டு இல்லை.

அழிப்பானை எடுத்தாள். '215 = CD' போயிற்று. இடைவெளி போயிற்று. பின்பக்கத்துப் படமும் முழுசாகப் போயிற்று. கணக்குப் போட்டு, B-யை அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய, C-யை எட்டு மில்லிமீட்டர், D-யை ஒன்றேகால் சென்டிமீட்டர், E-யை ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே, எல்லாவற்றையும் தென்மேற்காக ஒரே திசையில் நகர்த்தி, புதுக் கோடு போட்டாள். கடைசிக் கோடு A-யில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கோடெல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. பார்க்கிறவன் கண்ணில் ஒற்றிக்கொள்வான். கொடுத்துவிட்டு வந்து மேஜையில் தலை வைத்துப் படுத்தாள்.

எத்தனை நேரம் தூங்கினாளோ தெரியாது. ஆறுமுகநயினாரின் குரல் கேட்டு எழுந்தபோது, பதினாலு சார்ட்டையும் அவர் முன் மேஜையில் பரப்பியிருந்தார். அவர் முகத்திலும் களை இல்லை.

"வேலைக்கு ஆள் எடுக்க வந்தேன். படம் வரைய ஆள் எடுக்க வரல" என்று ஆரம்பித்தார். "CD எண்பத்தஞ்சு மீட்டரு. அத எழுபத்தஞ்சுன்னு மாத்திப் போட்டது நாந்தான். வேணும்னுதான் போட்டேன்."

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏன்னு கேப்பீங்க. முப்பது வருஷமா அளக்கேன். ஒருக்க எங்கிட்ட இருந்த ஒரு பய, டேப்ப படிக்கையில பத்து மீட்டர விட்டுட்டான். படம் சேரல. எங்கிட்ட சொல்லாம பிரிச்சுக் குடுத்து மூடிட்டான். மூடுன படத்த நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சம்சாரியோட வயக்காட்டுக் கெணறு அடுத்தவன் நெலத்துக்குள்ள போயிட்டு. அந்த மனுசன் இன்னைக்கும் கோர்ட்டுக்கு அலையுதான். என்னப் பாத்தா அவன் பேசக்கூட மாட்டான்." ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "அதுலேர்ந்து ஆள் எடுக்க வந்தா இப்பிடித்தான். பதிமூணு பேர் மூடிட்டீங்க. ஒருத்தன் மூடல. பாபு யாரு?"

பாபு திடுக்கிட்டு எழுந்தான். "நான்தான் சார்."

"ஏன் மூடல?"

"சேர்ல சார். ரெண்டு தபா போட்டுப் பாத்தேன், சேர்ல. வுட்டுட்டேன்." கொஞ்சம் யோசித்து, "பசி வேற சார்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. "மத்தவங்க மாதிரி பிரிச்சுப் போட்டிருக்கலாம்லா?"

"அது எதுக்கு சார்? சேராதத சேந்த மாரி காட்டி இன்னா பண்றது? அவ்ளோ தூரம் கீது, சும்மாவா நவுத்த முடியும்?"

"சேரலைன்னு எழுதி வச்சிருக்க." சார்ட்டைத் தூக்கிக் காட்டினார். அழுக்கு அழுக்காக, விரல் ரேகையெல்லாம் பதிந்து, கோடு ஒவ்வொன்றும் கட்டெறும்பு போன தடம் மாதிரி இருந்தது. மூலையில் கோணல் எழுத்தில் 'சேரவில்லை' என்று இருந்தது. "கோடு கேவலமா இருக்கு. அத நான் சொல்லிக் குடுத்துக்கிடுவேன். திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு வாலாஜாபாத் ஆபீஸுக்கு வந்துரு."

பாபுவுக்குப் புரியவே இல்லை. "நானா சார்?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு பாபு யாராவது நிற்கிறானா என்று.

இசக்கிசெல்விக்குக் காதுக்குள் லைன் ஓடுகிற சத்தம் கேட்டது. எழுந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை, கால் எழுந்துவிட்டது.

"சார், நான் கண்டுபிடிச்சேன் சார். CD-தான்னு எனக்குத் தெரியும். எடவெளி இருநூத்திப் பதினஞ்சு காமிச்சுது."

"தெரியும் பிள்ள" என்றார் அவர்.

அவளுடைய சார்ட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். கெட்டிப் பென்சில் போட்ட பள்ளத்தை எந்த அழிப்பான் எடுக்கும்? வெள்ளைத் தாளுக்குள் பழைய கோடு அத்தனையும், மூடாத மூலையும், '215 = CD' என்ற எழுத்தும் தெரிந்தன.

"பதினாலு பேர்ல கண்டுபிடிச்சது நீ ஒருத்திதான். அழிச்ச தடம் தெரிஞ்சதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அப்புறம் மேல போட்டிருக்க புதுக் கோட்டப் பாத்தேன்." சார்ட்டை மேஜையில் வைத்தார். "தெரியாம மூடுனவனுக்குச் சொல்லிக் குடுக்கலாம். தெரிஞ்சு மூடுனவளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரசுராமன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான சார் மூடச் சொன்னீக? நான் வந்து சொன்னேம்லா? CD தப்புன்னு உங்ககிட்டதான சொன்னேன்?"

பரசுராமன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "நான் பொதுவா சொன்னேம்மா. படம்னா மூடணும்னு பொதுவா சொல்றதுதான."

"பொதுவாவா!"

"சரி விடு பிள்ள" என்றார் ஆறுமுகநயினார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை. "அவரு சொன்னாரு, நீ மூடுன. நாளைக்கு வயல்ல ஒருத்தன் சொல்லுவான். பெரிய பெரிய ஆளா வந்து சொல்லுவான். எனக்கு ஒரு எடம்தான் இருக்கு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், அதுகூட வரவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ்ஸில் வருவார், தாம்பரத்தில் இறங்குவாரா கோயம்பேட்டில் இறங்குவாரா, அவ்வளவுதான் மனசில் ஓடியது.

எல்லோரும் கலைந்தார்கள். ஆறுமுகநயினார் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார், பரசுராமன் பின்னாலேயே ஓடினார். இசக்கிசெல்வி பாகைமானியையும் பென்சிலையும் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது பாபு தன் சார்ட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். வேலை கிடைத்தவன் முகமாக இல்லை. கூட்டத்தில் செருப்பு மாறிப் போட்டு வந்தவன் மாதிரி முழித்தான்.

"செல்வி, கோச்சிக்காத. அது எப்பிடி CD-ன்னு கண்ட? எனக்கு ஒண்ணும் புரியல. திங்கக்கெயம கேட்டாருன்னா இன்னா சொல்றது?"

போடா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வடக்கிலிருந்து அளக்கிற விஷயத்தில் ஒருவன் தப்பாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு போக அவளால் முடியவில்லை. மேஜையில் கிடந்த தன் சார்ட்டைத்தான் முதலில் விரித்தாள். விரித்துவிட்டுப் பார்த்தால், அதில் காட்ட ஒன்றுமில்லை. எல்லாம் அழகாக மூடிக் கிடந்தது.

"ஒன்னத எடு" என்றாள்.

பாபுவின் அழுக்குச் சார்ட்டை விரித்தார்கள். அவன் கோடு கோணல்தான், ஆனால் இடைவெளி அங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் வடக்குக் கோடு போட்டாள், பாகைமானியை மேற்காகத் திருப்பி வைத்தாள். "இங்கேருந்து A எங்க இருக்கு? தெக்கேருந்து எத்தன?"

அவன் குனிந்து பார்த்தான். "முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு..."

"நூத்தியெம்பது கூட்டு."

"இருநூத்தி... பதினஞ்சு." தாளைப் பார்த்தான், விரலை வைத்துத் தேடினான். "ஐயோ, CD!"

"ஆங். எந்தப் பக்கத்தோட கோணம் வருதோ, அந்தப் பக்கத்து நீளத்துலதான் தப்பு. அவ்வளவுதான்."

பாபு விரலைத் தாளிலிருந்து எடுத்தான். பிறகு அவளைப் பார்த்தான். குத்திக் காட்டுகிறவன் இல்லை அவன். தெரியாததைக் கேட்டான், அவ்வளவுதான்.

"இவ்ளோ தெரிஞ்சிகினு, இன்னாத்துக்கு மூடின?"

இசக்கிசெல்வி பாகைமானியை எடுத்தாள். வாய்வரை பதில் வந்தது. வாத்தியார் சொன்னார், வெள்ளிக்கிழமை வருகிறது, அப்பா வருகிறார், நாலு மணிக்கு எழுந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவன் சார்ட் இன்னும் விரித்தபடி கிடந்தது. அவனும் காலை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவன்தான்.

"திங்கக்கெழம போகும்போது நல்ல பென்சிலா ஒண்ணு எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய நாலு ஹெச்சை அவன் சார்ட்டின் மேலேயே வைத்துவிட்டு மாடிப்படி இறங்கினாள்.